குக்கரில் ஆவி எங்கே கசிகிறது?

பிரஷர் குக்கரில் ஆவி அன்றாடம் வெளியேற வைத்திருக்கும் வழி ஒன்றுதான்: மூடியின்மேல் நிற்கும் ஆவிக்குழாய். அதன்மேல் உட்காரும் வெயிட், உள்ளே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அளவை எட்டும்வரை அந்த வழியை அடைத்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாக ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பருப்பு விரைவில் குழைவது அதனால்தான். வேறு எந்த இடத்திலிருந்து ஆவி தொடர்ந்து வந்தாலும் அது கசிவு. எங்கிருந்து வருகிறது என்று கவனித்தாலே கோளாறு எதில் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அதிகமாகக் கசிவது மூடியின் விளிம்பில். அங்கே ஆவியைத் தடுத்து நிறுத்துவது கேஸ்கட் என்னும் ரப்பர் வளையம். மூடி பாத்திரத்துக்கு வெளியே பொருந்தும் குக்கரில் அது மூடியின் உள்விளிம்புப் பள்ளத்துக்குள் இருக்கும். மூடி உள்ளே போய்ப் பொருந்தும் குக்கரில் மூடியின் ஓரத்தைச் சுற்றி இருக்கும். இரண்டிலும் கேஸ்கட்டை இறுக்குவது உள்ளே சேரும் ஆவியேதான். அழுத்தம் கூடக்கூட அது ரப்பரை உலோகத்தோடு சேர்த்து அமுக்குகிறது. அதனால் அடுப்பில் வைத்த சில நிமிடங்களுக்கு விளிம்பில் லேசாக ஆவி வந்து பிறகு தானாக நின்றுவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. தொடக்கத்திலேயே தீயைக் குறைத்துவிட்டால் இந்தச் சிறு கசிவு நிற்காமல் நீளும். நல்ல கேஸ்கட் மேல் வீண்பழி விழும். முதலில் தீயைக் கூட்டி வைத்து, அழுத்தம் ஏறிய பின் குறைப்பதே முறை.

ரப்பர் உலோகத்தோடு ஒட்டி உட்கார அதற்கு நெகிழ்வு வேண்டும். நாள்தோறும் படும் சூடு அந்த நெகிழ்வைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு படிந்து நின்றால் ரப்பர் ஊறிப் பருத்து உருக்குலையும். சிறிய குக்கரைப் பெரிய பர்னரில் வைத்து, தீ பக்கவாட்டில் ஏறி விளிம்பைத் தொடும்படி எரியவிடுவது கேஸ்கட்டின் ஆயுளை மிக வேகமாகக் குறைக்கும் பழக்கம்.

பழுதான கேஸ்கட்டைக் கையில் எடுத்தாலே அடையாளம் தெரியும். விரல்களுக்கு நடுவே மடக்கிப் பிடித்தால் மடிப்பின் வெளிப்பக்கம் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரியும். விட்டவுடன் பழைய வட்டத்துக்குத் திரும்பாமல் மடிந்தபடியே நிற்கும். மேல்பகுதி விறைத்துப் பளபளக்கும், அல்லது பிசுபிசுவென்று ஒட்டும். பள்ளத்தில் வைத்தால் சுருங்கிப் போய் எட்டாது, இல்லையென்றால் தளர்ந்து தொங்கும். இவற்றில் ஒன்று இருந்தாலும் புதிது வாங்கிவிட வேண்டியதுதான். தினமும் சமைக்கும் வீட்டில் ஓராண்டு ஆனதுமே இப்படி மடக்கிப் பார்ப்பது நல்லது.

பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தும் ஆவி கசிந்தால் ஒரு சோதனை உதவும். 5 லிட்டர் குக்கர் ஒன்றில் துவரம் பருப்பு வைத்திருக்கிறார்கள். கைப்பிடிக்கு இடப்பக்கம் ஆவி சீறுகிறது, விசில் வரவில்லை, கடைசியில் தண்ணீர் வற்றி அடிப்பிடிக்கிறது என்று கொள்வோம். ஆறிய பின் கழுவி, விளிம்பில் ஒட்டிய பருப்புத் துணுக்கைத் துடைத்து, கைப்பிடித் திருகுகளை முடுக்கி, இரண்டு டம்ளர் தண்ணீர் மட்டும் ஊற்றி மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டும். இதிலேயே கசிவு நின்றால் காரணம் துணுக்கோ தளர்ந்த திருகோதான். நிற்கவில்லை என்றால், அடுப்பை அணைத்து முழுதும் ஆறவிட்டுத் திறந்து, கேஸ்கட்டை மட்டும் கால் வட்டம் திருப்பிப் பொருத்தி மீண்டும் சோதிக்க வேண்டும். கசியும் இடமும் கால் வட்டம் நகர்ந்தால் குற்றம் கேஸ்கட்டில். கைப்பிடிக்கு இடப்பக்கமே ஆவி வந்தால் கேஸ்கட் மாற்றிப் பயனில்லை. கீழே விழுந்தோ கரண்டியால் ஓங்கித் தட்டியோ விளிம்பு நெளிந்திருக்கும். நெளிந்த விளிம்பை வீட்டில் சுத்தியலால் தட்டிச் சரிசெய்ய முயல்வது தவறு. குக்கர் ரிப்பேர் கடைக்குத்தான் எடுத்துப் போக வேண்டும்.

தளர்ந்த கேஸ்கட்டை ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. குளிரில் ரப்பர் சற்றுச் சுருங்கி அன்றைய சமையலுக்குப் பிடித்துக்கொள்ளும். போன நெகிழ்வு திரும்பாது. அப்படி எடுக்க வேண்டிய நிலை வந்துவிட்டாலே கேஸ்கட் முடிந்துவிட்டது என்று பொருள். நூல் சுற்றுவது, வெட்டி ஒட்டுவது போன்றவற்றைச் செய்யவே கூடாது. 20 சென்டிமீட்டர் அகல மூடியை உள்ளிருந்து ஆவி தள்ளும் விசை 300 கிலோவுக்கும் மேல்.

பராமரிப்பு எளிது. ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் கேஸ்கட்டைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவி, பள்ளத்தையும் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் ரப்பரை வெடிக்க வைக்கும். குக்கரை மூடிப் பூட்டி அலமாரியில் வைக்காமல், கேஸ்கட் அமுங்காதபடி மூடியைத் தலைகீழாக வைப்பது நல்லது.

வெயிட்டின் அடியில் ஆவியோடு மஞ்சள் நீரும் சேர்ந்து பொங்கினால் கோளாறு கேஸ்கட்டில் இல்லை. பருப்பின் நுரை குழாய்க்குள் ஏறுகிறது. பருப்பு, அரிசி போன்றவற்றைத் தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஒரு சொட்டு எண்ணெய் நுரையை அடக்கும். அந்த நுரை காய்ந்துதான் குழாயை அடைக்கிறது. மூடுவதற்கு முன் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். துளை தெரியாவிட்டால் ஊசியால் குத்தி, நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். அடைப்பின் பெரிய ஆபத்து திறக்கும்போதுதான். வெயிட்டைத் தூக்கினால் ஆவி வராது. அழுத்தம் இறங்கிவிட்டது என்று தோன்றும். ஆனால் உள்ளே அப்படியே இருக்கும். மூடி இலேசாகக் கழலவில்லை என்றால் வலிந்து திறக்காமல் ஆறவிட வேண்டும்.

வெயிட் தொலைந்தால் வேறு குக்கரின் வெயிட்டைப் போடக் கூடாது. குழாய்த் துளை 3 மில்லிமீட்டர் என்றால் 1 கிலோ அழுத்தத்துக்குச் சுமார் 70 கிராம் வெயிட் பொருந்தும். அதையே 2.5 மில்லிமீட்டர் துளைமேல் வைத்தால் அழுத்தம் 1.4 கிலோவைத் தாண்டிய பிறகே விசில் வரும்.

மூடியில் தனியாக இருக்கும் சேஃப்டி வால்வு, குழாய் அடைத்தாலோ தண்ணீர் வற்றினாலோ திறப்பதற்கு. பல குக்கர்களில் அதன் நடுவே குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவை இருக்கும். சூடு எல்லை மீறினால் அது உருகி ஆவிக்கு வழிவிடும். வால்வின் ஓரத்தில் மெல்லக் கசிந்தால் முடுக்கிப் பார்க்கலாம். நிற்காவிட்டால் மாற்ற வேண்டும். நடுவே துளை விழுந்திருந்தால் அதன் வேலை முடிந்தது. அந்தத் துளையை ஈயத்தாலோ எம்-சீலாலோ அடைப்பவர்களும் உண்டு. அப்படி அடைத்த குக்கரில் அடுத்த முறை அழுத்தம் எல்லை மீறினால் அந்த வால்வு வழியே ஆவி வெளியேறாது. அதே நிறுவனத்தின், அதே மாடலுக்கான வால்வைப் போட்டு, உருகக் காரணமான அடைப்பையும் நீக்கிய பிறகே குக்கரை மறுபடி அடுப்பில் ஏற்றலாம்.