டிரெய்லர் எங்கே பொய் சொல்கிறது?

2005-இல் நியூயார்க்கில் எடிட்டர்களுக்கு ஒரு போட்டி நடந்தது. தெரிந்த படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது முற்றிலும் வேறு வகைப் படம் என்று நம்பவைக்கும் டிரெய்லரைச் செய்ய வேண்டும். ராபர்ட் ரியாங் என்ற உதவி எடிட்டர் எடுத்துக்கொண்டது ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’. பனிக்காலம் முழுக்க மூடிக்கிடக்கும் ஓட்டலுக்குக் காவல் வேலைக்கு வரும் எழுத்தாளன், மெல்ல மெல்லப் புத்தி பேதலித்து, மனைவியையும் மகனையும் கோடரியோடு துரத்தும் கதை. ரியாங்கின் டிரெய்லரைப் பார்த்தால், எழுத வராமல் தவிக்கும் ஓர் ஆளும் அப்பாவின் பாசத்துக்கு ஏங்கும் ஒரு பையனும் நெருங்கிவரும் குடும்பப் படம்போல இருக்கும். கலகலப்பான குரலில் ஒரு அறிமுகம், பின்னால் பீட்டர் கேப்ரியலின் உற்சாகமான பாட்டு. போட்டியில் ஜெயித்தது அதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் குப்ரிக்கின் ஷாட்களைத் தொட்டுத் திருத்தவில்லை என்பது. ஜாக் நிக்கல்சன் சிரித்த சிரிப்பு அதே சிரிப்புத்தான். படத்தில் வயிற்றைக் கலக்கும் அந்தச் சிரிப்பு, முன்னும் பின்னும் வேறு ஷாட்கள் வந்ததும் பாசமுள்ள அப்பாவின் சிரிப்பாகிவிடுகிறது. ஒரு ஷாட்டுக்குள் நடப்பது பெரும்பாலும் நிஜம். ஒரு ஷாட்டும் அடுத்த ஷாட்டும் சேரும் ஒட்டில்தான் பொய் நுழைகிறது.

இரண்டரை மணி நேரப் படத்துக்கு இரண்டரை நிமிட டிரெய்லர் என்றால், பார்ப்பது அறுபதில் ஒரு பங்கு. அந்த இரண்டரை நிமிடத்திலும் நூறு ஷாட்டுக்கு மேல் இருப்பது சகஜம். அவற்றைப் படத்தில் வரும் வரிசையிலேயே அடுக்கினால் ஒன்றும் புரியாது. அதனால் எடிட்டர் தனக்கென்று ஒரு குட்டிக் கதையை உருவாக்கிக்கொள்கிறார். இவர் யார், இவருக்கு என்ன பிரச்சினை, எவ்வளவு பெரிய ஆபத்து என்ற மூன்றும் தெரிந்தால் போதும். அந்தக் குட்டிக் கதை படத்தின் கதையோடு ஒத்துப்போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஒரு கற்பனைப் படத்தை வைத்துப் பார்ப்போம். பத்தாவது நிமிடத்தில் வீட்டுப் பெரியவர் வேலைக்காரரிடம், “அவன உள்ள விடாத, கடிச்சு வச்சிருவான்” என்கிறார். அவர் சொல்வது நாயை. இரண்டாவது மணி நேரத்தில், ஊரைவிட்டுப் போயிருந்த மகன் மழையில் நனைந்தபடி கேட்டுக்கு வெளியே நிற்கிறான். வேறெங்கோ, தொலைபேசியில் கல்யாணச் செய்தி கேட்டு அம்மா அழுகிறாள். டிரெய்லரில் முதலில் மகன் கேட்டருகே நிற்பது. அதன்மேல் பெரியவரின் குரலில், “அவன உள்ள விடாத” மட்டும். உடனே அம்மாவின் கண்ணீர். மகனைத் துரத்திய அப்பா, துடிக்கும் அம்மா என்று நாமே ஒரு கதையைக் கட்டி முடித்துவிடுவோம். எடிட்டர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் வெட்டியதைத் தவிர எதையும் இட்டுக்கட்டவில்லை. மீதியை நம் மூளை செய்தது. அடுத்தடுத்து வரும் இரண்டு படங்களுக்கு நடுவே காரணகாரியத்தைப் பொருத்திப் பார்க்கும் நம் பழக்கத்தைச் சோவியத் இயக்குநர் குலெஷோவ் நூறு வருஷத்துக்கு முன்பே சோதித்துக் காட்டினார். ஒரே முகத்தை எடுத்து, அடுத்து வரும் காட்சியை மட்டும் மாற்றினால், முகத்தின் உணர்ச்சியே மாறிவிட்டதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

இந்த ஒட்டுகளைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. வசனம் கேட்கும்போது பேசுபவரின் வாய் தெரிகிறதா என்று பாருங்கள். குரல் மட்டும் வந்து வேறு காட்சி ஓடினால், அந்த வசனம் அந்தக் காட்சியைப் பற்றியதுதான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பேசுபவரின் முதுகோ எதிரில் இருப்பவரின் முகமோ தெரிந்தாலும் அதே சந்தேகம்தான். வேறு வேறு இடங்களிலிருந்து சொற்களைப் பொறுக்கி ஒரு வாக்கியமாகக் கோத்திருக்கலாம். கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே ஃபிரேமில், வெட்டில்லாமல் தெரிந்தால் ஓரளவு நம்பலாம். இல்லாவிட்டால் அந்தக் கேள்விக்குத்தான் அந்தப் பதிலா என்பதே கேள்வி. இரண்டு ஷாட்டுக்கு நடுவே திரை ஒரு கணம் கறுத்துப்போவதும் ஒரு தடயம். வெளிச்சமும் இடமும் பொருந்தாத இரண்டு காட்சிகளைக் கண் உறுத்தாமல் சேர்க்க அந்தக் கறுப்பு வசதியாக இருக்கும். வரிசையைப் பிடிக்க வேண்டுமென்றால் சட்டை, தாடி, நெற்றிக் காயம் ஆகியவற்றைக் கவனியுங்கள். தீவிர ரசிகர்கள் இதை வைத்தே படத்தின் காட்சிகளை ஓரளவு வரிசைப்படுத்திவிடுகிறார்கள்.

மறைப்பது இதைவிடப் பழைய வித்தை. 1960-இல் வந்த ‘சைக்கோ’வின் டிரெய்லரில் படக்காட்சிகளே கிட்டத்தட்ட இல்லை. ஹிட்ச்காக்கே வந்து, சுற்றுலா வழிகாட்டிபோல அந்த விடுதியையும் வீட்டையும் ஆறு நிமிடத்துக்கு மேல் சுற்றிக்காட்டுகிறார். மாடிப்படியில் ஒரு கொலை நடந்தது என்கிறார். குளியலறைக்குள்ளும் கூட்டிப்போகிறார். கடைசியில் திரைச்சீலையை விலக்கியதும் ஒரு பெண் அலறுகிறாள். படத்தில் அந்தக் குளியலறையில் சாவது ஜேனட் லீ. டிரெய்லரில் அலறுவது அதே படத்தில் அவருக்குத் தங்கையாக நடித்த வேரா மைல்ஸ், தலையில் விக்கோடு. கொலை எங்கே என்பதைச் சொன்னார், யார் சாகிறார் என்பதைச் சொல்லவில்லை. போஸ்டரில் பெரிதாக இருந்த நட்சத்திரம் படம் பாதியைத் தாண்டும் முன்பே செத்துப்போவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. என்னைக் கேட்டால், டிரெய்லர் பொய்களில் இதற்குத்தான் முதல் பரிசு. பார்ப்பவரின் அதிர்ச்சியைக் காப்பாற்றுவதற்காகவே சொல்லப்பட்ட பொய் அது.

அப்போது விக் போதும். இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டதால், ஷாட்டுக்குள் நடப்பது நிஜம் என்ற விதியும் ஆட்டம் கண்டிருக்கிறது. 2018-இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ டிரெய்லரில் வகாண்டா போர்க்களத்தில் மற்ற நாயகர்களோடு ஹல்க்கும் பாய்ந்து ஓடிவருவார். படத்தில் ஆரம்பச் சண்டையில் அடி வாங்கியதோடு சரி, அதற்குப் பிறகு ஹல்க் வரவே மாட்டேன் என்கிறார். வகாண்டாவில் சண்டை போடுவது இரும்புக் கவசத்துக்குள் இருக்கும் புரூஸ் பேனர். அதாவது டிரெய்லருக்காகவே உருவாக்கிய ஷாட் அது.

2021-இன் ‘ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்’ சேர்ப்பதற்குப் பதிலாக அழித்தது. பழைய ஸ்பைடர்மேன்களான டோபி மக்வையரும் ஆண்ட்ரூ கார்ஃபீல்டும் வருகிறார்களா என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்த நேரம். டிரெய்லரின் உச்சக் காட்சியில் மூன்று வில்லன்களை எதிர்த்து டாம் ஹாலண்ட் ஒற்றை ஆளாகப் பாய்கிறார். பிரேசிலில் வெளியான டிரெய்லரில் அந்தக் காட்சி கொஞ்சம் கூடுதலாக ஓடியது. அதில் பல்லி வில்லனின் தலை, அடிக்க ஆளே இல்லாமல் வெடுக்கென்று திரும்பியது! படம் வந்தபோது அந்தப் பாய்ச்சலில் மூன்று ஸ்பைடர்மேன்கள் இருந்தார்கள்.

எல்லா முரண்பாட்டுக்கும் தந்திரம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஹாலிவுட்டில் முதல் டீசர் பல மாதங்களுக்கு முன்பே வந்துவிடும். படத்தின் எடிட்டிங் அப்போது முடிந்திருக்காது, இசை பெரும்பாலும் தயாராகியிருக்காது. 2016 ஏப்ரலில் ‘ரோக் ஒன்’ படத்தின் டீசர் வந்தது. பிறகு சில பகுதிகளை மறுபடி படமாக்கி, கடைசிப் பகுதியை மாற்றினார்கள். டிசம்பரில் படம் பார்த்தவர்கள், நாயகி ஒரு போர்விமானத்துக்கு நேருக்கு நேர் நிற்கும் காட்சி, திருடிய வரைபடத்தோடு கடற்கரையில் ஓடும் காட்சி என்று விளம்பரத்தில் பார்த்த சிலவற்றைத் தேடித் தேடி ஏமாந்தார்கள். நேர்மாறான கதையும் உண்டு. 2000-இன் ‘காஸ்ட் அவே’ டிரெய்லர், தீவில் சிக்கிய ஆள் ஊர் திரும்புவதையே போட்டு உடைத்துவிட்டது.

சரி, எதைத்தான் நம்புவது? கதை நடக்கும் இடம், காலம், அதில் என்ன மாதிரி மனிதர்கள், செலவு எவ்வளவு தெரிகிறது என்பவற்றைப் பெரும்பாலும் நம்பலாம். கதை எந்தச் சிக்கலில் தொடங்குகிறது என்பதையும் நம்பலாம். அதைச் சொல்லாமல் டிக்கெட் விற்க முடியாது. அது படத்தின் முதல் பகுதியிலேயே வந்துவிடுவதால் மறைக்க அவசியமும் இல்லை. நடிகரின் பேச்சு, உடல்மொழி, ஒளிப்பதிவின் தரம் எல்லாம் வெட்டில்லாமல் நீளும் ஓரிரு ஷாட்டிலேயே தெரிந்துவிடும். யார் யாருக்கு எதிரி, யார் யாரைக் காதலிக்கிறார், எது எதற்குப் பிறகு நடக்கிறது என்பதெல்லாம் ஒட்டில் பிறப்பவை. நம்ப வேண்டாம். படத்தின் தொனியையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நகைச்சுவைப் படத்தின் நல்ல ஜோக்குகள் முழுவதும் டிரெய்லரில் தீர்ந்துபோவதை நாம் பார்த்ததில்லையா? 2003-இன் ‘கங்காரு ஜாக்’ விளம்பரத்தில் பேசும் கங்காருவைக் காட்டிக் குழந்தைகளை இழுத்தார்கள். படத்தில் கங்காரு பேசுவது பெரும்பாலும் ஒரு கனவில்தான்.

இதற்கெல்லாம் கோர்ட்டுக்குப் போக முடியுமா என்று கேட்டால், போனவர்கள் இருக்கிறார்கள். 2019-இன் ‘யெஸ்டர்டே’ டிரெய்லரில் நடிகை அனா டி அர்மாஸ் வந்தார். படத்தில் அவருடைய காட்சிகளை வெட்டிவிட்டார்கள். அவருக்காகவே வாடகைக்கு எடுத்துப் பார்த்த இரண்டு ரசிகர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். டிரெய்லர் ஒரு வணிக விளம்பரம்தான், பொய் விளம்பரச் சட்டம் அதற்கும் பொருந்தும் என்று 2022 டிசம்பரில் நீதிபதி சொன்னார். ஆனால் ஒரு நடிகரோ காட்சியோ படத்தில் இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு மட்டும்தான். எதிர்பார்த்த மாதிரி இல்லை என்ற குறைக்கு அங்கே இடமில்லை.

நம் நாட்டில் நிலைமை இன்னும் தெளிவு. 2016-இல் ஷாருக் கான் நடித்த ‘ஃபேன்’ படத்துக்கு ‘ஜப்ரா ஃபேன்’ என்ற பாட்டை வைத்து விளம்பரம் செய்தார்கள். படத்தில் அந்தப் பாட்டு இல்லை. குடும்பத்தோடு போய் ஏமாந்த ஒரு ரசிகை நுகர்வோர் மன்றத்தில் முறையிட்டார். மாவட்ட மன்றத்தில் தோற்றாலும், மேல்முறையீட்டில் 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் செலவுத்தொகையும் கொடுக்கச் சொல்லி மாநில ஆணையம் உத்தரவிட்டது. தேசிய ஆணையமும் அதை உறுதிசெய்தது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. முன்னோட்டம் என்பது ஒருதரப்பாக வெளியிடுவது. டிக்கெட் வாங்குவது தனிக் கொடுக்கல் வாங்கல். முன்னோட்டத்தில் வந்தது படத்தில் வரும் என்ற ஒப்பந்தம் எதுவும் இருவருக்கும் இடையே ஏற்படுவதில்லை என்றது தீர்ப்பு. டிரெய்லரில் பார்த்த காட்சி படத்தில் இல்லை என்று கவுன்ட்டரில் போய்ச் சண்டை போட்டால் டிக்கெட் காசு திரும்பி வராது.