கழலாத ஸ்க்ரூவுக்கு ஒரு கடிதம்

துணி துவைக்கும் இயந்திரத்தில், தொட்டியின் அடியில் சுழலும் தட்டைப் பல்சேட்டர் என்பார்கள். அதன் நடுவே ஒரு ஸ்க்ரூ இருக்கும். தட்டுக்கு அடியில் நாணயமோ ஹேர்பின்னோ சிக்கிக் கடகடவென்று சத்தம் வந்தால், அந்த ஸ்க்ரூவைக் கழற்றித்தான் எடுக்கவேண்டும். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் அது லேசில் வராது. உப்பும் சோப்புத்தூளும் மரைக்குள் படிந்து கல்லாகிவிடும்; துருவும் சேர்ந்தால் இரண்டு உலோகமும் ஒட்டிக்கொள்ளும்.

வாரன்டி இருக்கும்போது தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிடுவது ஆபத்து. சுத்தியலால் தட்டினால் அதிர்ச்சி கீழேயுள்ள கியர்பாக்ஸ் வரை போகும். பிறகு "வெளியாள் கைவைத்திருக்கிறார்" என்று சொல்லி வாரன்டியை மறுக்க நிறுவனத்துக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும். ஆகவே கடிதம்தான் வழி. ஆனால் "மெஷின் ரிப்பேர், ஆள் அனுப்பவும்" என்று எழுதினால், வருகிறவர் சாதாரணத் திருப்புளியோடு வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

எழுதுமுன் ஒன்றைக் கவனியுங்கள். திருப்புளி நழுவினால் ஸ்க்ரூவின் தலை தேய்ந்திருக்கலாம். ஸ்க்ரூவோடு தட்டும் சேர்ந்து சுற்றினால் அது இறுகவே இல்லை என்றும் இருக்கலாம். தட்டை ஒருவர் அழுத்திப் பிடித்தால் கழன்றுவிடும். தட்டைப் பிடித்தும், திருப்புளி நழுவாமலும், ஸ்க்ரூ அசையவில்லையென்றால்தான் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொன்றுக்கும் கொண்டுவர வேண்டிய கருவி வேறு.

இப்படி எழுதலாம்:

"ஐயா, வணக்கம். 14.06.2024 அன்று வாங்கிய எங்கள் டாப் லோடு வாஷிங் மெஷினுக்கு 2 வருட வாரன்டி உள்ளது. பில் நகலும், மாடல் எண், சீரியல் எண் உள்ள ஸ்டிக்கரின் படமும் இணைத்துள்ளேன். துவைக்கும்போது தட்டுக்கு அடியில் உலோகச் சத்தம் வருகிறது. நடு ஸ்க்ரூ இறுகிவிட்டது. பொருத்தமான திருப்புளியால், கையால் மட்டும், இடப்பக்கமாகத் திருப்பிப் பார்த்தோம், அசையவில்லை. தலை தேயவில்லை, படம் காண்க. சுத்தியலோ எண்ணெயோ பயன்படுத்தவில்லை. மெஷினை நிறுத்திவைத்துள்ளோம். இம்பாக்ட் டிரைவர், மாற்று ஸ்க்ரூ, தேவைப்பட்டால் புதுப் பல்சேட்டர் ஆகியவற்றுடன் ஆள் அனுப்புங்கள். கட்டணம் உண்டென்றால் வருமுன்னே எழுத்தில் தெரிவிக்கவும்."

இதில் முக்கியமான வரி, என்ன செய்தோம், என்ன செய்யவில்லை என்பது. முயன்றதை மறைத்தால், கீறல் தென்பட்டவுடன் மற்றதையும் நம்பமாட்டார்கள். தலை ஏற்கெனவே தேய்ந்திருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். அதை எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரோடு வருவார்கள். கட்டணம் பற்றிக் கேட்பதற்கும் காரணம் உண்டு: உள்ளே சிக்கிய நாணயமோ உப்புப் படிவோ பல வாரன்டிகளில் அடங்காது. பிளாஸ்டிக் பாகங்களை விலக்குவதும் வழக்கம். உங்கள் அட்டையைப் படித்துவிட்டே கேளுங்கள்.

புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்தபின் நீட்டும் தாளில் "வாடிக்கையாளரால் சேதம்" என்று எழுதியிருந்தால், அதன் பக்கத்தில் உங்கள் மறுப்பை எழுதிவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.