நோட்டீஸ் காலத்தை விலைக்கு வாங்கலாமா?

பெங்களூரு, சென்னை ஐடி நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் காலம் 90 நாள். புதிய நிறுவனமோ 60 நாளில் வரச் சொல்கிறது. குறையும் 30 நாளுக்கான தொகையைப் பழைய நிறுவனத்துக்குக் கட்டிவிட்டு விலகுவதுதான் 'பைஅவுட்'.

முதலில் உங்கள் பழைய நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 40,000, மொத்தச் சம்பளம் 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எதன் மேல் என்பதைப் பொறுத்துத் தொகை இரு மடங்காகிவிடும். பணம் கட்டினாலும் முன்கூட்டியே விடுவிப்பது நிர்வாகத்தின் விருப்பம் என்று சில கடிதங்களில் இருக்கும். அப்படியானால் மேலாளர் சம்மதிக்கும் முன் யாருக்கும் தேதி கொடுக்காதீர்கள்.

ஆஃபரை ஏற்கும் முன்பே புதிய எச்ஆரிடம் கேளுங்கள்: "30 நாள் பைஅவுட் தொகையை நிறுவனம் திருப்பித் தருமா மேடம்? அப்படியென்றால் சீக்கிரம் சேர முடியும்." கேட்பதில் தவறே இல்லை, அவசரம் அவர்களுக்கும்தான்.

பெரும்பாலும் பணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். சேர்ந்தபின் இறுதிக் கணக்குத் தாளைக் காட்டினால் சம்பளத்தோடு வரும், வரி பிடித்தம் போக. ஓராண்டுக்குள் விலகினால் திருப்பிக் கேட்கும் நிபந்தனையும் இருக்கலாம். உச்சவரம்பு, வரி, நிபந்தனை மூன்றையும் ஆஃபர் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.