11.92-இல் ஒரு பூ

பரதநாட்டிய வீடியோ ஒன்றை ஓட்டி, நடுவில் நிறுத்தி, திரையில் தெரியும் கையைக் காட்டி "இது என்ன முத்திரை?" என்று கேட்டால், நாலைந்து வருடம் நடனம் படித்த பெண் தயங்காமல் பதில் சொல்லிவிடுவாள். ஐந்து விரல் நுனிகளும் ஒன்றாகக் குவிந்திருக்கின்றன. அப்படியானால் முகுளம். வீடியோவை மறுபடி ஓடவிட்டால்தான் சங்கடம் தெரியும். குவிந்த விரல்கள் விரிகின்றன, குவிகின்றன, மறுபடி விரிகின்றன. அது முகுளமே இல்லை, சந்தம்சம். விரல்கள் திரும்பத் திரும்பக் குவிந்து விரிவதுதான் அந்த முத்திரையின் இலக்கணம். நிறுத்தி வைத்த ஒரு படத்தில் சந்தம்சம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

வீடியோவைப் பார்த்து முத்திரைகளைப் பட்டியல் போடும் வேலை சுலபமானது என்று நினைப்பவர்கள் இடறும் இடம் இது. முத்திரைக்குப் பெயர் மட்டும் போதாது, தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் வேண்டும். ஆவணக் காப்பகங்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் இந்தப் பட்டியல் தேவைப்படுகிறது. பார்வையற்றவர்களுக்காக ஒலி வர்ணனை எழுதுபவர்களுக்கும் தேவைப்படுகிறது.

பெயர்களில் பெரிய சிக்கல் இல்லை, எந்த நூலைப் பின்பற்றுகிறோம் என்பதை முதலிலேயே எழுதிவைத்துவிட்டால். வகுப்புகளில் பெரும்பாலும் சொல்லித்தருவது நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணத்தை ஒட்டிய 28 ஒற்றைக் கை முத்திரைகள். பரதரின் நாட்டிய சாஸ்திரக் கணக்கில் அவை 24. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் ஒற்றைக் கையில் 33, இரட்டைக் கையில் 15 என்று சொல்கிறார். மூன்றையும் கலந்து எழுதினால், ஒரே கைக்கு ஒரு பக்கத்தில் ஒரு பெயரும் அடுத்த பக்கத்தில் வேறு பெயரும் வந்து நிற்கும்.

வேலையைத் தொடங்க விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனம் ELAN என்ற மென்பொருளை இலவசமாகத் தருகிறது. சைகை மொழி ஆய்வாளர்கள் பல வருடங்களாகப் பயன்படுத்தும் கருவி அது. மேலே வீடியோ ஓடும், கீழே காலக்கோடு ஓடும். காலக்கோட்டுக்கு அடியில் வேண்டிய அளவு வரிசைகளைப் போட்டுக்கொள்ளலாம். வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என்று நான்கு இருந்தால் போதும். கை வரிசையில் விரல்களின் வடிவத்தை மட்டுமே எழுத வேண்டும். "மேகம்", "ஆறு", "வேண்டாம்" என்றெல்லாம் வாய்க்கு வந்தாலும் அவை பொருள் வரிசைக்குத்தான் போக வேண்டும். பதாகம் ஒன்றே இந்த மூன்றையும் காட்டும் என்பதால், இந்த ஒழுங்கை விட்டால் பட்டியல் குழம்பிவிடும்.

கை எப்போது முத்திரை ஆகிறது? இடுப்பிலிருந்து கை கிளம்பும்போதா, விரல்கள் மடங்கத் தொடங்கும்போதா, மடங்கி முடிந்த பிறகா? சைகைகளை ஆராய்ந்த ஆடம் கெண்டன், பேச்சோடு வரும் கையசைவைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டினார். ஆயத்தம் ஒன்று, உயிரான அசைவு ஒன்று, கை திரும்பும் கட்டம் ஒன்று. நடனத்துக்கும் அது பொருந்துகிறது. பலரும் கைக்கொள்ளத்தக்க விதி இதுதான்: எல்லா விரல்களும் தத்தம் இடத்துக்கு வந்து சேர்ந்த முதல் ஃப்ரேம் தொடக்கம், ஏதாவது ஒரு விரல் இடத்தை விட்டு நகரும் முதல் ஃப்ரேம் முடிவு. இடையில் கை மேலே போனாலும் கீழே வந்தாலும் பரவாயில்லை. விரல் மாறாதவரை முத்திரையும் மாறவில்லை.

ஒரு மாதிரிக் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஆதி தாளத்தில் ஒரே ஓர் ஆவர்த்தனம், எட்டு எண்ணிக்கை. நிமிடத்துக்கு 75 எண்ணிக்கை என்ற நடை என்றால் ஓர் எண்ணிக்கை 0.80 விநாடி, ஆவர்த்தனம் முழுவதும் 6.40 விநாடி. வீடியோவில் விநாடிக்கு 25 ஃப்ரேம், அதாவது ஒரு ஃப்ரேமுக்கு 0.04 விநாடி. முதல் எண்ணிக்கை சரியாக 12.00-இல் விழுகிறது. நாயகி இரண்டு பூப் பறிக்கிறாள், தொடுக்கிறாள், சுவாமிக்கு மாலையிட்டுக் கும்பிடுகிறாள். குறித்து முடித்தபோது கை வரிசைகள் இப்படி இருக்கும்:

11.60 – 14.88: இடக்கை, பதாகம், உள்ளங்கை மேல்நோக்கி, இடுப்பருகே
11.92 – 12.48: வலக்கை, கடகாமுகம், வலப்புறம் தலைக்கு மேல்
12.72 – 13.12: வலக்கை, அலபத்மம், இடக்கைக்கு மேல்
13.52 – 14.08: வலக்கை, கடகாமுகம், இடப்புறம் தோள் உயரத்தில்
14.32 – 14.72: வலக்கை, அலபத்மம், இடக்கைக்கு மேல்
15.12 – 17.32: இரு கையும், கடகாமுகம், முதலில் மார்புக்கு முன், பிறகு முகத்துக்கு நேராக உயர்ந்து
17.52 – 18.24: இரு கையும் சேர்ந்து, அஞ்சலி

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் நுனிகள் மூன்றும் சேர, மற்ற இரண்டும் நிமிர்ந்து நிற்பது கடகாமுகம். பூப் பறிப்பதற்கும் மாலை பிடிப்பதற்கும் அபிநய தர்ப்பணமே அதைச் சொல்கிறது. பட்டியலில் கவனிக்க வேண்டியது 15.12-இல் தொடங்கும் வரி. பார்ப்பவர் கண்ணுக்கு அங்கே இரண்டு செயல் நடக்கிறது, பூத்தொடுப்பது ஒன்று, மாலையிடுவது ஒன்று. விரல்களோ இடையில் ஒருமுறைகூடப் பிரியவில்லை. அதனால் கை வரிசையில் அது ஒரே வரி. பொருள் வரிசையில் மட்டும் 15.12 – 16.60 "தொடுத்தல்", 16.72 – 17.32 "மாலையிடல்" என்று இரண்டாகும். நடுவில் விடுபட்ட 0.12 விநாடி, மூன்று ஃப்ரேம், கை உயரும் நேரம். இரு கையிலும் ஒரே முத்திரை என்பதால் அதை இரட்டைக் கை முத்திரை என்று எழுதிவிடவும் கூடாது. இரண்டு ஒற்றைக் கைகள் ஒரே நேரத்தில், அவ்வளவுதான். அஞ்சலிதான் உண்மையான இரட்டைக் கை.

இன்னொன்றும் இந்த எண்களில் ஒளிந்திருக்கிறது. பூப் பறிப்பது 11.92, தாளம் 12.00. அடுத்தது 12.72, தாளம் 12.80. கடைசியில் கும்பிடுவது 17.52, தாளம் 17.60. ஒவ்வொரு முறையும் கை 0.08 விநாடி முந்திக்கொண்டு வருகிறது. ஆடியவர் அவசரப்பட்டார் என்று எழுதிவிடலாமா? கூடாது. மனிதர் அவசரப்பட்டால் ஓரிடத்தில் இரண்டு ஃப்ரேமும் வேறிடத்தில் ஐந்துமாக முந்துவார், சில இடங்களில் பிந்தவும் செய்வார். எப்போதும் ஒரே அளவு என்றால் சந்தேகம் கேமரா மேல் விழ வேண்டும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. சபாவின் கடைசி வரிசையில், மேடையிலிருந்து 27 மீட்டர் தள்ளி வைத்த கேமராவுக்குத் தட்டுக்கழியின் ஓசை வந்து சேர 0.08 விநாடி ஆகும். படம் உடனே வந்துவிடும். ஆக, தாள வரிசை முழுவதையும் இரண்டு ஃப்ரேம் முன்னால் நகர்த்திவிட்டால் ஆடியவர் மேல் பழி இல்லை.

இடைவெளி ஒரே அளவாக இல்லாமல் போகப் போக வளர்ந்துகொண்டே போனால் நோய் வேறு. கைபேசிகள் பலவும் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃப்ரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்து எடுக்கின்றன. ஃப்ரேமை எண்ணி நேரத்தைக் கணக்கிட்டால், பத்து நிமிட வர்ணத்தின் முடிவில் கணக்கு எங்கோ போய் நிற்கும். குறிக்கத் தொடங்கும் முன்பே வேகத்தை நிலையாக்கிவிடுவதுதான் மருந்து:

```
ffmpeg -i natanam.mp4 -vf fps=50 -c:a copy natanam50.mp4
```

இடவல மாற்றமும் அடிக்கடி நேர்வதுதான். கைபேசியின் முன்பக்கக் கேமராவில் எடுத்த வீடியோ சில நேரம் கண்ணாடி பிம்பமாகப் பதிவாகிவிடும். வலக்கை பறித்த பூ பட்டியலில் இடக்கைக்குப் போய்விடும். முழு அலங்காரத்தில் ஆடியிருந்தால் கண்டுபிடிக்கத் தலைசாமானைப் பார்த்தால் போதும். சூரியன் ஆடுபவரின் வலப்பக்கமும் சந்திரன் இடப்பக்கமும் இருக்க வேண்டும். மாறியிருந்தால் வீடியோ திரும்பியிருக்கிறது.

இதையெல்லாம் கணினியிடமே விட்டுவிட்டால் என்ன என்ற கேள்வி வரத்தான் செய்யும். கூகுளின் MediaPipe போன்ற நிரல்கள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் கையில் 21 புள்ளிகளைக் கண்டுபிடிக்கின்றன, மணிக்கட்டில் ஒன்று, விரலுக்கு நான்கு. அந்தப் புள்ளிகளின் கோணங்களைக் கொண்டு முத்திரையின் பெயரை ஊகிக்கும்படி ஒரு நிரலைப் பழக்கலாம். பதாகமும் முஷ்டியும் முகம் காட்டி நின்றால் அது நன்றாகவே சொல்லும். அஞ்சலியில் இரு கையும் ஒட்டிக்கொண்டதும் ஒரு கையைத் தொலைத்துவிடும். ஒரு முத்திரையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் விரல்கள் எடுக்கும் அரைகுறை வடிவங்களுக்கும் விடாமல் பெயர் சூட்டும். "இடைநிலை" என்று ஒரு வகையைத் தனியாகக் கற்றுக்கொடுக்காதவரை இந்தத் தொல்லை தீராது.

ஃப்ரேமுக்கு ஃப்ரேம் பெயர் மாறும் தடுமாற்றமும் உண்டு. ஐந்து ஃப்ரேமுக்குக் குறைவாக வருவதைத் தள்ளிவிடு என்று நிரலுக்குச் சொன்னால், மெதுவான அபிநயத்தில் பட்டியல் சுத்தமாகிவிடும். ஆனால் அதே 75 நடையில் மூன்றாம் காலத்தில் அடவு ஆடினால் எண்ணிக்கைக்கு நான்கு சொல், ஒரு சொல்லுக்கு 0.20 விநாடி, அதாவது மொத்தமே ஐந்து ஃப்ரேம். விரல்கள் வந்து சேர்ந்து நிற்பது அதிலும் இரண்டு மூன்றுதான். குப்பையோடு முத்திரையும் போய்விடும். அபிநயத்துக்கு ஓர் அளவு, ஜதிகளுக்கு வேறு அளவு என்று பிரித்து வைப்பதே சரி. ஜதிகளை 50 ஃப்ரேமில் எடுத்திருந்தால்தான் அதற்கும் வழி.

மனிதக் கண்ணும் தோற்கும் இடம் ஒன்று உண்டு. வகுப்புகளில் சொல்லித்தரும்படி, அர்த்தபதாகத்தில் ஆள்காட்டியும் நடுவிரலும் ஒட்டி நிற்கும், கர்த்தரீமுகத்தில் அவை கத்தரிபோல் பிரிந்து நிற்கும். மோதிரவிரலும் சுண்டுவிரலும் இரண்டிலும் மடங்கியவை. கேமரா பக்கவாட்டில் இருந்தால் அந்த இடைவெளி தெரியாது. அங்கே ஊகித்து எழுதுவதைவிட "அர்த்தபதாகம் அல்லது கர்த்தரீமுகம்" என்று எழுதிவைப்பதுதான் நேர்மை. ஒரே பகுதியை இருவர் தனித்தனியாகக் குறித்து ஒப்பிட்டால் இப்படிப்பட்ட இடங்கள் தாமாக மேலே வரும். பெயர் ஒத்துப்போய், நேரம் இரண்டு ஃப்ரேமுக்குள் வேறுபட்டால் ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் இருவரும் உட்கார்ந்து வீடியோவை மறுபடி பார்க்க வேண்டும்.

வீட்டில் அம்மாவோ அத்தையோ ஆடிய பழைய அரங்கேற்றக் கேசட் இருந்தால், டிஜிட்டலாக மாற்றிய கையோடு அவரையே பக்கத்தில் உட்காரவைத்துக் குறியுங்கள். கேமராவுக்குத் தெரியாத விரலைப் பற்றிச் சொல்ல அவர் ஒருவரால்தான் முடியும்.