ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு வஞ்சிரம்

தூத்துக்குடியில் இருக்கும் அத்தை வீட்டு ஃபிரிட்ஜ் மூன்று வாரமாக நாறிக்கொண்டிருந்தது. அறுத்த எலுமிச்சை வைத்தார்கள், கிண்ணத்தில் காபித்தூள் வைத்தார்கள், அடுப்புக்கரி வைத்தார்கள். உள்ளே இருந்த தட்டுகளை இரண்டு முறை கழற்றிக் கழுவினார்கள். கழுவிய அன்றைக்குக் கொஞ்சம் தேவலாம் என்று இருக்கும், மறுநாள் மறுபடியும் அதே நாற்றம். பார்க்க வந்த மெக்கானிக் ஒருவர் “கேஸ் லீக் ஆகுதும்மா, செலவாகும்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் ஊருக்குப் போனபோது அத்தை, “ஏய்யா, நீயாவது என்னன்னு பாரேன். கதவத் திறக்கவே பயமா இருக்கு” என்றார்.

கேஸ் விஷயம் உடனே தீர்ந்துவிட்டது. ஃபிரிட்ஜில் குளிர்ச்சிக்காக அடைக்கும் வாயுவுக்கு அழுகல் வாடை கிடையாது. புதிய ஃபிரிட்ஜுகளில் பெரும்பாலும் இருக்கும் வாயுவுக்கு ஏறக்குறைய வாசனையே இல்லை. அது கசிந்து போனால் முதலில் குளிர்ச்சிதான் போகும், ஐஸ் கட்டாது. அத்தை வீட்டில் ஐஸ் கல்லாக உறைந்து கிடந்தது. ஆகவே மெஷினில் குறை இல்லை. எங்கோ ஏதோ அழுகிக்கொண்டிருக்கிறது. எங்கே என்பதுதான் கேள்வி.

இந்தத் தேடலில் முதல் எதிரி நம் மூக்குதான். ஒரு வாடைக்குள் சில நிமிடம் நின்றால் போதும், மூக்கு அதைப் பழகிவிடும். அதனால் திறந்த ஃபிரிட்ஜின் முன் நின்றுகொண்டே மோந்து மோந்து பார்ப்பதில் பயன் இல்லை. வாசலில் போய் ஐந்து நிமிடம் காற்று வாங்கிவிட்டு வந்து, ஒரே மூச்சில் ஓரிடத்தை மட்டும் மோந்து பார்க்க வேண்டும். வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டு மோக்கச் சொல்வது இன்னும் நல்லது. பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் எங்களுக்குக் கிடைத்தான். அவன் மூக்கு எங்கள் மூவர் மூக்கையும்விடக் கூர்மை.

எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது மறந்துபோன சாப்பாட்டைத்தான். அதில் தப்பில்லை, பெரும்பாலான வீடுகளில் குற்றவாளி அதுதான். குளிர் எதையும் கெடாமல் காப்பதில்லை, கெடுவதை மெதுவாக்குகிறது, அவ்வளவே. நாலைந்து டிகிரி குளிரிலும் வளரும் பாக்டீரியாக்கள் உண்டு. எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தோம். காய்கறிப் பெட்டியின் அடியில் கொத்தமல்லி ஒன்று கருப்புக் கூழாகி, பாலித்தீன் பையோடு ஒட்டிக் கிடந்தது. கண்ணாடித் தட்டைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் சட்டம் இருக்கிறதே, அந்தச் சட்டத்தைக் கழற்றினால் உள்பள்ளத்தில் காய்ந்த இட்லி மாவு. மாவு ஃபிரிட்ஜுக்குள்ளும் மெல்லப் பொங்கும். பாத்திரத்தின் விளிம்பு தாண்டி வழிந்ததைத் துடைப்போம், சட்டத்துக்குள் இறங்கியதைத் துடைக்க மாட்டோம். தட்டைக் கழுவுகிறவர்களில் எத்தனை பேர் அந்தச் சட்டத்தைக் கழற்றுகிறார்கள்?

இரண்டையும் அப்புறப்படுத்திய பிறகு ஒரு சோதனை செய்தோம். பால், சமைத்த உணவு எல்லாம் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போயின. அத்தை வீட்டு ஃபிரிட்ஜைத் துடைத்து, உள்ளே ஒன்றுமே வைக்காமல் கதவை மூடி, மூன்று மணி நேரம் ஓடவிட்டோம். வெறும் பெட்டியிலும் நாற்றம் திரும்பினால் அது சாப்பாட்டிலிருந்து வரவில்லை என்று அர்த்தம். கதவைத் திறந்ததும் சிறுவன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். “முன்னவிடக் கம்மி. ஆனா இருக்கு. ரெண்டு நாத்தம் இருக்கு” என்றான்.

அவன் சொன்னது சரி. கதவோரம் குனிந்தால் ஈரத்துணியை மூட்டைகட்டி வைத்தாற்போல் ஒரு பூஞ்சை வாடை. உள்ளே மேல்பகுதியில், ஃப்ரீசருக்குக் கீழே பின்சுவர்ப் பக்கம், கவிச்சி.

பூஞ்சை வாடை வந்தது கதவு ரப்பரிலிருந்து. கடைக்காரர்கள் கேஸ்கட் என்பார்கள். உள்ளே காந்தப்பட்டை வைத்த, மடிப்பு மடிப்பான ரப்பர் அது. வெளியே வெப்பமும் உள்ளே குளிரும் சந்திக்கும் இடம் என்பதால் அங்கே எப்போதும் ஈரம் கசியும். கடலோர ஊரின் காற்றில் கேட்கவே வேண்டாம். விரலால் மடிப்பை விரித்துப் பார்த்தால், கீழ்ப்பக்கத்திலும் கீல் இருக்கும் பக்கத்திலும் வரிசையாகக் கருப்புப் புள்ளிகள். மேலிருந்து சிந்தும் பாலும் குழம்பும் கீழ் மடிப்பில்தான் தங்கும், பூஞ்சைக்கு அதுவே சாப்பாடு. சோப்புக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போதும். பிறகு வினிகரில் நனைத்த துணியால் துடைத்து, பத்து நிமிடம் விட்டு, ஈரம் போகத் துடைத்தோம். பிளீச்சிங் வேண்டாம், அடிக்கடி பட்டால் ரப்பர் விறைத்துவிடும். வினிகரோடு பிளீச்சிங்கைக் கலந்தால் நச்சு வாயு வரும், அதை மட்டும் ஒருபோதும் செய்யக் கூடாது. தேய்த்த பிறகும் கருப்புக் கறை கொஞ்சம் மிஞ்சும். பூஞ்சை போனாலும் கறை ரப்பருக்குள் ஊறியிருக்கும். வாடை போய்விட்டதென்றால் கறையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ரப்பரைச் சுத்தம் செய்ததோடு, அது சரியாக மூடுகிறதா என்றும் பார்த்தோம். பத்து ரூபாய்த் தாளைப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக வைத்துக் கதவை மூடி இழுத்தால், லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் இடைவெளி இருக்கிறது. வெளிக்காற்று அந்த வழியாக உள்ளே போய் ஈரமாகும், பூஞ்சை மாதந்தோறும் திரும்பும். அத்தை வீட்டில் நான்கு பக்கமும் இறுக்கமாகவே இருந்தது.

கவிச்சி மட்டும் போகவில்லை.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். இரவு முழுவதும் ஃபிரிட்ஜ் கதவை யாரும் திறக்கவில்லை. ஆனால் அறையே நாறியது. கதவு மூடியிருக்கும்போது வெளியே நாற்றம் வருகிறதென்றால், அது உள்ளேயிருந்து வர வழியில்லை. கம்ப்ரஸர் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது. சற்று நேரத்தில் நாற்றம் இன்னும் ஏறியது.

ஃபிரிட்ஜின் பின்புறம் கீழே, கம்ப்ரஸருக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். வாங்கிய நாளிலிருந்து அதைப் பார்க்காதவர்கள்தான் அதிகம். அத்தையின் ஃபிரிட்ஜ் ஒற்றைக் கதவு ரகம். ஃப்ரீசரில் ஐஸ் மண்டினால் நாம்தான் டீஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்த வேண்டும். உருகும் தண்ணீர் ஃப்ரீசருக்குக் கீழே உள்ள தட்டில் விழும். அங்கிருந்து பின்சுவரில் உள்ள சிறு ஓட்டை வழியாகக் குழாயில் இறங்கி, இந்தப் பின்தட்டில் சேரும். கம்ப்ரஸர் சூட்டில் அது தானாகவே ஆவியாகிவிடும். தண்ணீராக இருக்கும்வரை நல்ல ஏற்பாடு. தண்ணீரோடு வேறு எதுவும் வந்தால் அது ஆவியாகாது, அங்கேயே இளஞ்சூட்டில் வேகும்.

“அத்தை, இந்த நாத்தம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால டீஃப்ராஸ்ட் போட்டீங்களா?”

அத்தை யோசித்தார். “வஞ்சிரம் வாங்கி வச்சிருந்தேன். ஐஸு ரொம்ப மண்டிருச்சுன்னு ராத்திரி பட்டனை அமுக்கிட்டுப் படுத்துட்டேன். மீனை வெளியே எடுக்கல. காலைல பாத்தா பை ஓட்டையாகி ஒரே தண்ணி. எல்லாத்தையும் தொடச்சுட்டேனே!”

கண்ணுக்குத் தெரிந்ததைத் துடைத்துவிட்டார். தெரியாதது குழாய் வழியாக இறங்கிவிட்டது.

பிளக்கைப் பிடுங்கி அரைமணி நேரம் ஆறவிட்டோம், கம்ப்ரஸர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். ஃபிரிட்ஜை இழுத்துப் பார்த்தால் தட்டில் பழுப்பாகப் பிசினைப் போல ஒரு படலம். இந்த மாடலில் தட்டு உருவ வந்தது. சிலவற்றில் திருகாணி போட்டிருப்பார்கள், அதையும் கழற்றலாம். சுற்றியிருக்கும் செம்புக் குழாய்களை மட்டும் இழுக்கவோ வளைக்கவோ கூடாது. பல ஃபிரிட்ஜுகளில் உள்ளே இருப்பது தீப்பற்றக்கூடிய வாயு.

தட்டைக் கழுவித் திரும்ப வைத்ததோடு நின்றிருந்தால் இரண்டு நாளில் நாற்றம் வந்திருக்கும். குழாய் பாக்கி. மேலே உள்ள ஓட்டையில் அரை தம்ளர் வெந்நீரை மெதுவாக ஊற்றினோம். கொதிநீர் கூடாது, பிளாஸ்டிக் விரியும். ஊற்றிய தண்ணீர் ஒரு நிமிடத்துக்குள் பின்தட்டில் விழ வேண்டும். விழவில்லை, ஓட்டையிலேயே தேங்கி நின்றது. கம்பி விட்டுக் குத்தினால் குழாய் கிழியும், சுவருக்குள் இருக்கும் நுரையில் தண்ணீர் இறங்கினால் அந்த நாற்றத்தை யாராலும் எடுக்க முடியாது. மருந்துக்கடையில் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சும், குளுக்கோஸ் ஏற்றும் மெல்லிய குழாயும் வாங்கி வந்தோம். குழாயை உள்ளே செலுத்தி, வெந்நீரைப் பீய்ச்சினோம். நாலாவது முறை ‘களக்’ என்று சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு கட்டி தட்டில் வந்து விழுந்தது. சிறுவன் வெளியே ஓடிவிட்டான்.

அடுத்து எதை ஊற்றுவது? நான் சமையல் சோடா என்றேன், எல்லோரும் அதைத்தானே சொல்கிறார்கள். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. “மீன் சட்டிக்கு யாராவது சோடா போடுவாங்களா? புளிதானே போடுவோம்.” அத்தை சொன்னதுதான் வேதியியல். மீன் கவிச்சியைத் தருவது அமின் எனப்படும் காரத்தன்மையுள்ள பொருள்கள். அவற்றை அமிலம்தான் அடக்கும். சோடாவும் காரம், கவிச்சியிடம் அதன் வேலை செல்லாது. வழிந்த மாவு, திரிந்த பால் என்று புளித்த வாடையாக இருந்தால் அது அமிலம், அங்கே சோடா பலிக்கும். இரண்டையும் சேர்த்து ஊற்றினால் நுரை பொங்குவதைப் பார்க்கலாம், ஒன்றை ஒன்று தீர்த்துவிடும். ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு வெந்நீர் கலந்து மூன்று முறை பீய்ச்சினோம். கடைசியில் வெறும் தண்ணீர். ஊற்றிய உடனே தட்டில் விழுந்தது.

இரட்டைக் கதவு வைத்த, ஐஸ் மண்டாத ரகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் ஃப்ரீசரின் ஓட்டை உள்பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும். அந்தப் பலகையைக் கழற்றுவது மெக்கானிக் வேலை, நாம் முயல வேண்டாம். பின்தட்டை மோந்து பார்ப்பது மட்டும் எல்லோருக்கும் முடியும்.

அன்று மாலை ஃபிரிட்ஜில் பொருள்கள் திரும்பிப் போயின. மறுநாள் விடியற்காலை சமையலறையில் காபி வாசனை மட்டும்தான். பத்து மணிக்கு வெயிலில் அலைந்து வந்த எனக்கு அத்தை எலுமிச்சை ஜூஸ் போட்டுக் கொடுத்தார், நிறைய ஐஸ் போட்டு. ஒரு வாய் குடித்தேன். ஐஸ் தட்டைக் கொட்ட மறந்திருந்தோம். மூன்று வாரமாக மீனோடு குடியிருந்த ஐஸ் அது.

“எப்படிய்யா இருக்கு?” என்றார் அத்தை.

“வஞ்சிரம்தான் அத்தை” என்றேன்.