தொட்டியில் இறங்குமுன் ஒரு காகிதம்

சித்திரைக் கடைசியில் கத்திரி வெயில் தொடங்கியதும், சிதம்பரத்தில் மனு எழுதிக் கொடுக்கும் என்னிடம், கடலூர் சிப்காட் ஆலைகளுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போய்வருகிறவர்கள் ஆண்டுதோறும் ஒரே பிராதுடன் வந்து சேர்கிறார்கள். "அந்த வேலை ஆபத்துன்னு சொன்னேங்க, மறுநாள் கேட்டிலேயே நிறுத்திட்டாங்க" என்பார்கள். யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டால் "மேஸ்திரிகிட்ட" என்றும், எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டால் "வாயாலதான் சொன்னேன்" என்றும் பதில் வரும். அந்தப் பதிலைக் கேட்டவுடனே, பாதி வழக்கு தோற்றுப்போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இது வீண் பயமன்று. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7ஆம் நாள் ஒரு கொதிகலனில் விபத்து நேர்ந்து, இரண்டு மாதம் நிறைவதற்குள் ஜூலை 1ஆம் நாள் அதே நிலையத்தின் இன்னொரு கொதிகலன் வெடித்து, அன்றைய தினமே ஆறு பேரும், பின்னர் மருத்துவமனையில் மேலும் சிலரும் மாண்டனர். 2021 மே 13ஆம் நாள் கடலூர் சிப்காட்டில் பூச்சிமருந்து ஆலையொன்றில் நேர்ந்த விபத்தில் நால்வர் உயிர் போயிற்று. விபத்துக்குப் பின் ஆய்வுக்கு வரும் அதிகாரிகள், அதற்கு முன்பே வரவேண்டுமானால், அவர்கள் மேஜைமேல் ஒரு காகிதம் இருந்தாக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறதென்பதை முதலில் சரியாக அறிந்துகொள்ள வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ள, 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பின் 14ஆம் பிரிவின்படி, உயிருக்கோ உடலுக்கோ உடனடி அபாயம் நேருமென்று நியாயமாக அஞ்சுகிற தொழிலாளி, அதை முதலாளியிடம் நேரிலோ பாதுகாப்புக் குழு உறுப்பினர் மூலமாகவோ தெரிவித்து, அதே சமயத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். அச்சம் மெய்யென்று கண்டால் முதலாளி உடனே பரிகாரம் செய்து ஆய்வாளருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். மெய்யன்று என்று அவர் கருதினாலும் விஷயத்தை ஆய்வாளரிடம் அனுப்பியே தீரவேண்டும். ஆய்வாளர் சொல்வதே முடிவு. போபால் விபத்துக்குப் பின், 1987இல், அபாயகரமான தொழில்களுக்கு மட்டும் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட உரிமைதான் இப்போது இவ்வாறு விரிந்திருக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இதைத் தவறவிட்டவர்களே அதிகம். வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாமென்று இந்தப் பிரிவு சொல்லவில்லை. அபாயத்தை அறிவிக்கும் உரிமையைத்தான் அது தருகிறது. ஆகையால் கோபத்தில் ஆலையைவிட்டு வெளியேறிய மனிதன், மறுநாள் "சொல்லாமல் வேலையை விட்டு ஓடியவன்" என்று பதிவேட்டில் எழுதப்படுகிறான். மறுக்க வேண்டியது அந்த ஒரு வேலையைத்தான், ஆலையை அன்று. ஆலைக்குள்ளேயே இருங்கள்.

சென்ற கோடையில் வந்த ஓர் இளைஞனின் கதையைப் பாருங்கள். கரைப்பான் இருந்த தொட்டியில் இறங்கிக் கசடு அள்ளும்படி அவனைப் பணித்தார்கள். கொடுத்த பாதுகாப்பு ஒரு துணி முகமூடியும் ரப்பர் கையுறையும் மட்டுமே. துணி தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. வடிகட்டிப் பொருத்திய முகமூடியும், உள்ளே பிராணவாயு குறைந்திருந்தால் பயனற்றது, ஏனெனில் அது காற்றை வடிகட்டுமேயன்றி உண்டாக்காது. பிராணவாயு 19.5 சதவீதத்துக்குக் கீழ் இறங்கிய இடத்தில் குழாய்வழியே வெளிக்காற்று தரும் முகமூடியோ, முதுகில் சுமக்கும் காற்றுக்கலமோ வேண்டும். இத்தகைய தொட்டிக்குள், தகுதியுள்ளவர் வாயுவைச் சோதித்து எழுத்தில் சான்றளித்தால் இறங்கலாம். அல்லது சுவாசக் கருவி அணிந்து, இடுப்பு வாரில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க இறங்கலாம் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு வகுத்த நியதி. அந்தத் தொட்டியருகே சான்றிதழும் இல்லை, கயிறும் இல்லை. கீழே விழுந்தவனைத் தூக்க வெறுங்கையோடு இறங்குகிறவன் அடுத்த பிணமாகிறான். ஆகவே கயிற்றைச் சில்லறை விஷயமாக எண்ணாதீர்கள்.

அவனுக்கு இன்னொரு சத்துருவும் இருந்தது, அது வெப்பம். கடலோரக் காற்றின் ஈரத்தில் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடல் குளிராது. அதன்மேல் ரப்பர் உடையும் அணிந்தால் உள்ளே சூடு தேங்கிவிடும். வேலைக்குப் புதிதாய் வந்தவனின் உடல் சூட்டுக்குப் பழக ஒரு வாரம், இரண்டு வாரம் பிடிக்குமாதலால், முதல் நாளே முழு வேலை வாங்குவது அபாயம். பேச்சுக் குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமின்றிப் பதில் சொன்னாலோ அது களைப்பு அன்று, வெப்பத்தாக்கு. உடையைக் கழற்றி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும்; 108க்கு அழைக்க வேண்டும். காற்றோட்டமும், குடிநீரும், பணிக்குமுன் பயிற்சியும் முதலாளியின் கடமை. பாதுகாப்பு உபகரணத்துக்குக் கூலியில் பிடித்தம் செய்யச் சட்டம் இடம் தரவில்லை. பிடித்தால் அந்தக் கூலிச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள்; அதுவும் ஒரு சாட்சி.

இனி, காகிதம். அந்த இளைஞனின் நிலையில் இருப்பவர் இப்போது இவ்வாறு எழுத வேண்டும்:

"இன்று, ........ தேதி, காலை 9 மணிக்கு, 4ஆம் எண் கரைப்பான் தொட்டியில் இறங்கிக் கசடு அள்ளும்படி மேற்பார்வையாளர் ........ பணித்தார். வாயுச் சோதனைச் சான்றிதழ் எனக்குக் காட்டப்படவில்லை. சுவாசக் கருவியும் இடுப்புக் கயிறும் தரப்படவில்லை. உடனடி உயிரபாயம் நேருமென்று அஞ்சுகிறேன். இவை தரப்பட்டால் இந்த வேலையையும், அதுவரை பாதுகாப்பான வேறு வேலையையும் செய்ய ஆயத்தமாக ஆலையிலேயே இருக்கிறேன். 14ஆம் பிரிவின்படி இதை ஆய்வாளருக்கும் இப்போதே தெரிவிக்கிறேன்."

தேதி, நேரம், தொட்டி எண், பணித்தவர் பெயர் ஆகிய நான்கில் ஒன்று விடுபட்டாலும் மனு நொண்டும். மூன்று பிரதி எழுதி, ஒன்றில் நிர்வாகத்தின் கையெழுத்தையும் முத்திரையையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால், ஒப்புகை கோரி விரைவுத் தபாலில் அன்றே அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒப்பந்தக்காரருக்கு மட்டும் கொடுத்து நின்றுவிடாமல், ஆலையின் பெயருக்கே அனுப்புங்கள். மூன்றாவது பிரதி, கடலூரில் உள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை அலுவலகத்துக்குப் போகவேண்டும். நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை செய்பவருக்கோ அந்த அலுவலகமன்று, மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககமே உரியது. பதில் வராவிட்டால், அதன் நகலை மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். "பார்க்கிறோம், போய் வாருங்கள்" என்று கையை அசைக்கும் குமாஸ்தாவிடம், எண் இல்லாமல் திரும்பாதீர்கள்.

வேலையை விட்டு நீக்கிவிட்டால், அது வேறு அலுவலகத்தின் காரியம். தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுச் செய்து, 45 நாளில் தீராவிட்டால் தீர்ப்பாயத்துக்கு நேரே போகலாம்; ஆனால் நீக்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும். ஒப்பந்தக்காரர் உங்களை அறியேன் என்று கைவிரிக்கலாகாதென்பதற்காக, நியமனக் கடிதம் கேட்டுப் பெறுங்கள். அதைத் தருவது இப்போது கட்டாயம். தராவிட்டால் வருகைச் சீட்டு, வங்கிக் கணக்கில் கூலி வந்த பக்கம், வைப்புநிதி எண் இவற்றைச் சேர்த்து வையுங்கள்.

அந்த இளைஞனிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. மேஸ்திரியின் கைபேசி எண் மட்டும் இருந்தது. அழைத்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் சொல்கிறேன்: வாயால் மறுக்காதீர்கள், எழுதி மறுங்கள், எழுதியபின் ஆலையைவிட்டுப் போகாதீர்கள்.