"சரிங்க அக்கா"ன்னு சொன்னா பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம்

(இது ஒலி எபிசோடின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரே ஒரு உரையாடலைப் பத்தித்தான் பேசப்போறேன். அரை மணி நேரம் நடந்தது. அதுல நான் பண்ண ஒரு தப்பும் இருக்கு.

எங்க டீம்ல ஒரு ஜூனியர். வேலைக்குச் சேர்ந்து ஒண்ணரை வருஷம். ஒரு திங்கட்கிழமை வந்து, "அக்கா, நான் டீம் மாறலாம்னு இருக்கேன். அந்த ரிவ்யூவர் என்னோட பிஆரை மட்டும் நாள் கணக்குல இழுத்தடிக்கிறார். என்னைக் குறி வைக்கிறார்"னு சொன்னான். பிஆர்னா புல் ரிக்வெஸ்ட். நாம எழுதின கோடை மெயின் கோடுல சேர்க்கறதுக்கு முன்னாடி இன்னொருத்தர் படிச்சுப் பார்க்கிற கட்டம்.

கேட்ட உடனே என்கிட்ட பதில் ரெடி. "பெரிய பிஆரா போடாத, சின்னச் சின்னதா உடைச்சுப் போடு." எல்லா சீனியரும் சொல்றதுதான், பல நேரம் சரியும்கூட. ஆனா டீம் மாறுறது பெரிய முடிவு. அதனால வாயை மூடிக்கிட்டு கேள்வி மட்டும் கேட்போம்னு முடிவு பண்ணேன்.

கேள்விக்கு ஒரு வரிசை

இதுக்கு ஒரு பழைய சட்டகம் இருக்கு. பேரு க்ரோ. ஜான் விட்மோர் 1992-ல எழுதின 'கோச்சிங் ஃபார் பெர்ஃபார்மன்ஸ்' புத்தகம் மூலமா பரவலாச்சு. நாலு படி: என்ன வேணும், இப்போ நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கு, எதைச் செய்யப்போற. அனுபவத்துல சொல்றேன், ரெண்டாவது படியிலதான் நிறைய நேரம் செலவாகும். செலவாகணும்.

முதல் கேள்வி: "இந்த அரை மணி நேரம் முடியும்போது உன் கையில என்ன இருக்கணும்?"

"டீம் மாறலாமா வேணாமான்னு ஒரு தெளிவு வேணும் அக்கா."

"சரி. கடைசியா இழுத்த பிஆரை முதல்ல இருந்து சொல்லு."

அஞ்சு நாள், முப்பது கமெண்ட், கடைசியில பாதியைத் திருப்பி எழுதினதுன்னு கொட்டினான். நான் குறுக்கே பேசல. முடிச்சதும், "அவர் பார்த்த உன்னோட மத்த பிஆர் எல்லாம் எப்படிப் போச்சு?"ன்னு கேட்டேன்.

லேப்டாப்பைத் திறந்தான். மொத்தம் ஏழு. நாலு அன்னைக்கோ மறுநாளோ மெர்ஜ் ஆயிருந்தது. மூணுதான் இழுத்திருக்கு. 'என்னோடதை மட்டும்'ங்கிற கதையில அப்பவே லேசா விரிசல். நான் எதுவும் சொல்லல, அவனே பார்த்துட்டான்.

"இந்த நாலுக்கும் அந்த மூணுக்கும் என்ன வித்தியாசம்?"

நான் சொதப்பின இடம்

அவன் யோசிச்சான். ஒரு பத்து செகண்ட் ஆகியிருக்கும். எனக்கு அந்த அமைதி தாங்கல. "சைஸ் பெருசா இருந்தது ஒரு காரணமா இருக்கலாம்ல?"ன்னு கேட்டுட்டேன்.

உடனே, "சரிங்க அக்கா. இனிமே சின்னதா போடறேன்"னு சொல்லி லேப்டாப்பைப் பாதி மூடிட்டான்.

இதைத்தான் கவனிக்கணும். நான் கேட்டது கேள்வி மாதிரி இருந்தாலும் அது அறிவுரைதான், கடைசியில ஒரு கேள்விக்குறி ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். காலேஜ் வைவால எக்ஸ்டர்னல் மனசுல இருக்கிற பதிலை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்போமே, அதே கதை. ஜூனியர் சீக்கிரமா, பணிவா, சின்னதா ஒத்துக்கிட்டா, அவன் யோசிக்கறதை நிறுத்திட்டான்னு எடுத்துக்கலாம். திறந்த கேள்விக்கு வர்ற பதில் மெதுவா வரும், நடுவுல திருத்தி திருத்தி வரும்.

"அது என்னோட யூகம், விட்டுடு. நீ திறந்து பாரு"ன்னேன்.

பார்த்தான். சீக்கிரம் போன நாலுல ஒண்ணு 600 வரி. இழுத்த மூணுல ஒண்ணு வெறும் 80 வரி! என் அறிவுரை அங்கேயே செத்துப்போச்சு. அதைக் கேட்டிருந்தான்னா ஒரு சண்டையை அஞ்சு சின்னச் சண்டையா உடைச்சிருப்பான், அடுத்த மாசம் டீமும் மாறியிருப்பான்.

கமெண்ட்களைப் படிச்சுக்கிட்டே அவனே சொன்னான்: "அக்கா, அந்த நாலும் பக் ஃபிக்ஸ். என்ன பண்ணணும்னு முன்னாடியே முடிவானது. இந்த மூணுலயும் நான் புதுசா டேபிள் போட்டிருக்கேன், இல்ல ஏபிஐயை மாத்தியிருக்கேன். இவர் கேக்கறது கோடு பத்தி இல்ல, 'இந்த டேபிளே எதுக்கு'ன்னுதான் கேக்கறார். நான் எழுதி முடிச்ச பிறகுதான் அவர் அந்த டிசைனையே முதல் தடவை பார்க்கிறார்."

'ஏன்' வேண்டாம்

அடுத்து வாய்க்கு வந்தது, "ஏன் முன்னாடியே அவர்கிட்ட பேசல?" நம்ம வீடுகள்ல 'ஏன்'னு ஆரம்பிச்சாலே அது திட்டு. "ஏன் லேட்டு", "ஏன் மார்க் கம்மி." அதுக்குக் காரணம் கிடைக்காது, சமாதானம்தான் கிடைக்கும். அதனால மாத்திக் கேட்டேன்: "எழுதறதுக்கு முன்னாடி அவர்கிட்ட பேச எது தடையா இருக்கு?"

இந்தத் தடவை அமைதியை நான் கலைக்கல.

"சேர்ந்த முதல் மாசம் ஒரு சந்தேகம் கேட்டேன் அக்கா. பதிலே சொல்லாம ஒரு டாக் லிங்க்கை மட்டும் அனுப்பினார். இதுகூடத் தெரியலையான்னு நினைச்சிருப்பார்னு தோணுச்சு. அப்புறம் கேக்கவே இல்ல."

ஒண்ணரை வருஷமா உள்ள இருந்த விஷயம் இதுதான். என் எந்த அறிவுரையும் இந்த இடத்துக்கு வந்திருக்காது, ஏன்னா இது எனக்குத் தெரியவே தெரியாது.

மீதி சீக்கிரம் முடிஞ்சுது. "என்னென்ன வழி இருக்கு?"ன்னு கேட்டேன். ரெண்டு சொன்னான். "வேற?" இன்னும் ரெண்டு வந்தது. அதுல ஒண்ணைத் தேர்ந்தெடுத்தான்: அடுத்த டிக்கெட்டுக்கு கோடு எழுதறதுக்கு முன்னாடி ஒரு பக்க டிசைன் குறிப்பை புதன்கிழமை அவருக்கு அனுப்பறது. "எது இதைக் கெடுக்கும்?" "அவர் பதில் போடலைன்னா." "அப்போ?" "வியாழன் ஸ்டாண்டப் முடிஞ்சதும் நேர்லயே கேட்டுடறேன்."

கேட்டான். அவர் ரெண்டு ஆட்சேபம் சொன்னார், ஒண்ணு நியாயமானது. அந்த பிஆர் ரெண்டாவது நாள் மெர்ஜ் ஆச்சு. அதுக்கடுத்தது மறுபடியும் நாலு நாள் இழுத்தது. அந்த ரிவ்யூவர் இன்னும் வெடுக்குன்னுதான் பேசறார். ஆனா இவன் இப்போ டீம் மாறுற பேச்சை எடுக்கறதில்ல.

எப்போ கேள்வி கேக்கக் கூடாது

ப்ரொடக்‌ஷன் விழுந்து கிடக்கும்போது "உனக்கு என்ன தோணுது?"ன்னு கேக்காதீங்க. எந்த கமாண்ட்னு சொல்லுங்க, பேச்சை மறுநாள் வச்சுக்கலாம். ஸ்டேஜிங் பாஸ்வேர்ட் எங்க இருக்குங்கிற மாதிரி தகவல் கேட்டா தகவலைக் கொடுங்க. ஒருத்தர் நிஜமாவே மோசமா நடத்தப்படறார்னா, அவரையே யோசிக்க வைக்கிறது உதவி இல்ல. அங்க நீங்க கூடப் போய் நிக்கணும்.

இன்னொண்ணு, பதில் உங்களுக்கு உறுதியா தெரியும்னா கேள்வி வேஷம் போடாதீங்க. "எனக்கு ஒண்ணு தோணுது, சொல்லட்டுமா?"ன்னு நேரா கேளுங்க.

நான் அந்தப் பத்து செகண்டை இன்னும் பழகிக்கிட்டுத்தான் இருக்கேன். போன வாரம்கூட ஒரு தடவை நடுவுல பாய்ஞ்சுட்டேன். "சரிங்க அக்கா"ன்னு வந்ததும்தான் புரிஞ்சுது.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.